உப்பை எப்ப போடுறது?

போன வருசம் ஆவணியில் சின்னம்மாவின் பேரப்பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். வட்டக்கச்சியில் வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல் போட்டு அறுபது எழுபது பேருக்குச் சமையல் நடந்தது. ப்ரைட் ரைஸ், கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். சலாட் என்னுடைய பொறுப்பு. கொழும்பில் மூன்று வருசம் அறை எடுத்து இருந்து தானே சமைத்துச் சாப்பிட்டவன் என்று எனக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் தந்தார்கள்.

காலமை பத்து மணிக்கே வேலையை முடித்துவிட்டேன். ஐந்து கிலோ கெக்கரிக்காய் (தமிழ்நாட்டு ஆக்கள் வெள்ளரிக்காய் என்பார்கள்), நாலு கிலோ தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய். எல்லாவற்றையும் மெல்லிசாக வெட்டி, பெரிய சட்டியில் கொட்டி, எண்ணெய் ஊற்றி, தேசிக்காய்ப் புளி விட்டு, உப்பும் மிளகுதூளும் தூவி, கையால் வடிவாகப் பிரட்டி மூடி வைத்தேன். அந்த நேரம் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு மூடியைத் திறந்தால் சட்டியில் பாதி தண்ணி. கெக்கரிக்காய் துணி மாதிரித் துவண்டு கிடந்தது. தக்காளித் தோல் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. கரண்டியால் அள்ளி வைத்தால் அந்தத் தண்ணி ஓடிப் போய் ப்ரைட் ரைஸை நனைத்தது. மாமா ஒருவர் கோப்பையைச் சரித்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, இது சலாட்டோ, ரசமோ?" என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

பின்னேரம் சட்டி கழுவும்போது சின்னம்மா பக்கத்தில் வந்து இருந்தா. கலியாண வீடு, சாமத்திய வீடு என்று நிறையச் சமையலுக்குப் போய்வந்தவா. "உன்ரை அளவில பிழையில்லை. நேரத்திலதான் பிழை. உப்புப் போட்டால் கெக்கரிக்காய் அழும். அழ வேண்டிய நேரத்தில அழ வைக்கோணும். ஆக்களுக்கு முன்னால இல்லை" என்றா.

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த ஒரு வருசமாகச் சலாட் போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அதற்கு வேறொரு காரணமும் வந்து சேர்ந்தது. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் அழுகைக் கதை. கெக்கரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணி. தக்காளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெட்டின முகத்தில் உப்பு விழுந்தால் அது அங்கேயுள்ள ஈரத்தில் கரைந்து கடும் உப்புத் தண்ணியாக நிற்கும். காயின் கலங்களுக்கு உள்ளே இருக்கிற தண்ணி அந்த உப்பை நோக்கி வெளியே வரும். வெளியே வர வர காய் தளரும். பத்து நிமிசத்தில் ஈரம் மினுங்கும், இருபது நிமிசத்தில் அடியில் தேங்கும். மூன்று மணித்தியாலம் விட்டால் என் சட்டி மாதிரி ஆகும். மெல்லிசாக வெட்டினால் வெட்டு முகம் கூட, தண்ணியும் கெதியாக வரும்.

இதை நிப்பாட்ட ஏலாது. ஆனால் எப்போது நடக்கவேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம். சின்னம்மா சொன்ன முறை இதுதான்: கெக்கரிக்காய்க்கு முன்னுக்கு உப்பு, தக்காளிக்குக் கடைசியில் உப்பு. கெக்கரிக்காயின் தண்ணியை ஊற்றிவிடு, தக்காளியின் தண்ணியை ஊற்றாதே.

ஏன் இந்த வேறுபாடு என்று நான் உடனே கேட்கவில்லை. வீட்டில் செய்து பார்த்தபோதுதான் விளங்கியது. உப்புப் பிரட்டி வைத்த கெக்கரிக்காயில் இருந்து வடிந்த தண்ணியை நக்கிப் பார்த்தேன். உப்புத் தண்ணி, கொஞ்சம் பச்சை மணம், அவ்வளவுதான். தக்காளியில் வந்த தண்ணியை நக்கினால் அதில் புளிப்பு, இனிப்பு, பிறகு இறைச்சிச் சாறு மாதிரி ஒரு சுவை. தக்காளியின் அந்த நல்ல சுவை விதையைச் சுற்றி இருக்கிற வழுவழுப்பில்தான் கூடுதலாக இருக்கிறது. விதையைத் தோண்டி எறிகிற ஆக்கள் சலாட்டின் பாதிச் சுவையை எறிகிறார்கள். அது கோப்பையிலேயே நின்று தேசிக்காய்ப் புளியோடும் எண்ணெயோடும் சேரவேண்டிய சாறு.

நாலு பேருக்கு நான் இப்போது செய்கிற விதத்தைச் சொல்லுகிறேன். நடுத்தரக் கெக்கரிக்காய் இரண்டு, ஏறக்குறைய நானூறு கிராம். முதலில் காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டித் தின்று பார்க்கவேண்டும். கச்சல் இருந்தால் அது பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலுக்குக் கீழேயும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் வெட்டி எறிந்து, தோலைத் தடிப்பாகச் சீவினால் போதும். முழுக்கக் கச்சல் என்றால் உப்பும் தேசிக்காயும் அதைக் காப்பாற்றாது. வேறு காய் எடுங்கோ.

கெக்கரிக்காயைச் சுண்டுவிரல் அரைவாசித் தடிப்பில் வெட்டி, அரைத் தேக்கரண்டி உப்புத்தூள் போட்டுப் பிரட்டி, அரிதட்டில் போட்டு, கீழே ஒரு கோப்பை வையுங்கோ. இருபது நிமிசம். கீழே இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணி நிற்கும். அதோடு போட்ட உப்பில் ஒரு பங்கும் போய்விடும். கையால் பிழியக் கூடாது, பிழிந்தால் துவண்டுவிடும். அரிதட்டை நாலு தரம் உதறினால் போதும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு துண்டை வளைத்துப் பாருங்கோ. கொஞ்சம் வளைந்து, பிறகு உடையவேண்டும். வளைக்காமலே உடைந்தால் இன்னும் ஐந்து நிமிசம் விடலாம். உடையாமல் மடிந்தால் நேரம் கூடிவிட்டது.

அந்த இருபது நிமிசத்துக்குள் வெங்காயத்தின் வேலை. சின்ன வெங்காயம் ஆறு மெல்லிசாக அரிந்து, ஒரு தேசிக்காயின் புளியில் ஊறவிடுவேன். வெங்காயத்தின் காரம் அடங்கும், தேசிக்காய்ப் புளிக்கும் வெங்காய மணம் வரும். தேசிக்காயைக் கடைசித் துளி வரைக்கும் திருகிப் பிழியாதீர்கள். தோலில் இருக்கிற எண்ணெயும் வெள்ளைச் சதையின் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு தரம் அமத்தினால் காணும்.

அடுத்தது எண்ணெய். பிறந்தநாள் சட்டியில் நான் செய்த இரண்டாவது பிழை இங்கேதான். எண்ணெயை முதலில் ஊற்றிவிட்டு, பிறகுதான் புளியும் உப்பும் போட்டேன். உப்பு எண்ணெயில் கரையாது. காயை எண்ணெய் முதலே மூடிவிட்டால் தேசிக்காய்ப் புளி அதில் ஒட்டாமல் வழுக்கி அடிக்குப் போய்விடும். அதனால்தான் மேல் துண்டு சப்பென்றும் அடித் துண்டு புளித்தும் இருந்தது. ஒழுங்கு இதுதான்: உப்பு முதலில் தேசிக்காய்ப் புளியில் கரையவேண்டும், அதற்குப் பிறகு எண்ணெய். பழைய ஜாம் போத்தல் ஒன்றில் இரண்டையும் விட்டு, மூடி இறுக்கி, இருபது எண்ணும் வரைக்கும் குலுக்கினால் கலங்கித் தடிக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பப் பிரியும், அது இயல்பு. கோப்பைக்குப் போகிறதுக்கு முன்னம் இன்னொரு தரம் குலுக்கவேண்டும்.

எவ்வளவு எண்ணெய் என்பதற்கு வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பங்கு புளிக்கு மூன்று பங்கு எண்ணெய். அதை நான் அப்படியே செய்து பார்த்தேன். வாய் முழுக்க எண்ணெய்ப் படை. அந்தக் கணக்கு இலைச் சலாட்டுக்கும் வினாகிரிக்கும் வந்தது. இலை உலர்ந்தது, எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் கோப்பையில் இருப்பதோ இரண்டு தண்ணிக் காய். ஈரத்தில் எண்ணெய் ஒட்டாது. நான் இப்போது ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளிக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்று தொடங்கி, அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் கூட்டுவேன். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றரையில் நிற்கும்.

ருசி பார்க்கிறதைக் கரண்டியால் செய்யாதீர்கள். வெறும் கரண்டியில் எந்தப் புளியும் கடுமையாகத்தான் தெரியும். ஒரு துண்டு கெக்கரிக்காயைப் போத்தலுக்குள் தோய்த்துத் தின்னுங்கோ. பல்லும் தாடையும் கூசினால் எண்ணெய் காணாது. உதட்டில் பிசுபிசுப்பு நின்று, காயின் சுவை தூரத்தில் கேட்டால் எண்ணெய் கூட, நாலு துளி புளி விடவேண்டும். இரண்டும் இல்லாமல், வாயில் வைத்த உடனே சுவை முடிந்துபோனால் குறை உப்பில். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் நான் முந்தி எல்லாவற்றுக்கும் தேசிக்காயையே பிழிந்துகொண்டு இருந்தேன்.

எந்த எண்ணெய் என்றால், எங்கட வீட்டில் நல்லெண்ணெய். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் எள்ளு விளைகிறது, செக்கில் ஆட்டின எண்ணெய் கிடைக்கும். மணம் கடுமை, அதனால் ஒன்றரைக் கரண்டிக்கு மேலே போகாது. மணம் பிடிக்காத ஆக்கள் தேங்காய் எண்ணெய் விடலாம். ஆனால் அந்தச் சலாட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் இருபத்தைந்து பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும், காயில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும்.

தக்காளியை மேசைக்குப் போகிறதுக்குச் சற்று முன்னம்தான் வெட்டுவேன். பெரிய துண்டாக. மூன்று தக்காளி போதும். கெக்கரிக்காய், புளியில் ஊறின வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், தக்காளி எல்லாம் சேர்த்து, போத்தலைக் குலுக்கி ஊற்றி, தக்காளிக்கு ஒரு சிட்டிகை உப்புத் தூவி, இரண்டே தரம் பிரட்டிக் கொண்டுபோய் வைப்பேன். பத்து நிமிசத்துக்குள் சாப்பிடவேண்டும். அடியில் இரண்டு கரண்டி சாறு நிற்கும். அது ரசம் இல்லை. பாணைத் தோய்த்துச் சாப்பிடலாம்.

இப்போது அந்த மற்றக் காரணம்.

பிறந்தநாள் முடிந்து இரண்டு கிழமையில் அப்பாவுக்குத் தலைச்சுற்று. கிளினிக்கில் பிரஷர் பார்த்தால் கூட. குளிசை தந்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கறி, சோறு, கருவாடு, ஊறுகாய், கடை வடை எல்லாம் சேர்த்து. எங்கட வீட்டில் ஒரு நேரக் கறிக்கே அப்பா அவ்வளவு சாப்பிடுவார்.

அம்மா அடுத்த நாளே உப்பைப் பாதியாக்கினா. அப்பா முதல் நாள் பேசாமல் சாப்பிட்டார். இரண்டாம் நாள் அரைவாசியில் கை கழுவினார். மூன்றாம் நாள் சோத்தைத் தள்ளி வைத்தார். அம்மா, "இஞ்சருங்கோ, கொஞ்சமாவது சாப்பிடுங்கோ" என்று கெஞ்சினா. அப்பா எழும்பிப் போய் விறாந்தையில் இருந்துகொண்டு மெல்லச் சொன்னார்: "மாத்தளனில உப்பில்லாமல் கஞ்சி குடிச்சனாங்கள். அப்ப உப்புக் கிடைக்கேல்லை. இப்ப உப்பு இருக்கு, போட ஏலாதாம். எனக்கு அந்தக் கஞ்சிதான் நினைவுக்கு வருது."

2009 மாசி, பங்குனியில் நான் சின்னப் பிள்ளை. கஞ்சி நினைவு இருக்கிறது, உப்பு இருந்ததா இல்லையா என்பது நினைவில்லை. அப்பாவுக்கு இருக்கிறது. அவருடைய அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். 1990இல் போரோடு உப்பளம் நின்றுபோகும் வரைக்கும் எங்கட வீட்டில் உப்பு விலைக்கு வாங்கின சாமான் இல்லை. உப்பில்லாத சோறு அவருக்கு வெறும் சப்பென்ற சோறு இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு நான் சலாட்டை வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினேன். கறிக்குள் வெந்த உப்பு கறி முழுக்கப் பரவிப் போகும், நாக்கில் படுவது அதில் ஒரு பங்குதான். பச்சைக் காயின் மேலே கடைசி நிமிசம் விழுந்த உப்பு நேராக நாக்கில் கரையும். அதே சிட்டிகை அங்கே கூட உறைக்கும். புளிப்பும் உப்புச் சுவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். அப்படியென்றால் குறைந்த உப்பில் உப்பாகத் தெரியக்கூடிய சாப்பாடு இந்தக் கோப்பைதான்.

ஆனால் சின்னம்மாவின் முறை அப்பாவுக்குச் சரிவராது. முன்னுக்குப் போடுகிற அரைத் தேக்கரண்டியில் பெரும்பங்கு காயிலேயே நின்றுவிடும். அந்த உப்பைக் காற்தேக்கரண்டியாகக் குறைத்துப் பார்த்தேன். தண்ணி வடிவாக வடியவில்லை, கெக்கரிக்காய் மேசையில்தான் அழுதது. இரண்டு தரம் தோற்ற பிறகுதான் யோசனை வந்தது. தண்ணி கூட இருப்பது நடுவில், விதைப் பக்கத்தில். கெக்கரிக்காயை நீட்டுக்கு இரண்டாகப் பிளந்து, கரண்டியால் விதையை வழித்து எடுத்து, சுண்டுவிரல் தடிப்பில் வெட்டினேன். முன்னுக்கு உப்பே போடவில்லை. வெட்டு முகம் குறைவு, விதைத் தண்ணி இல்லை, இழுக்கிற உப்பும் இல்லை. ஒரு மணித்தியாலம் வைத்தாலும் கறுக்கென்று இருந்தது. தக்காளியின் விதையை மட்டும் தொடவில்லை.

போத்தலுக்குள்ளும் உப்பு இல்லை. தேசிக்காய்ப் புளியும் எண்ணெயும் மிளகுதூளும் மட்டும். உப்பில்லாதபோது புளி கூடத் தெரியும் என்பதால் எண்ணெயை ஒன்றுக்கு இரண்டாக்கினேன். கோப்பையில் போட்டுப் பிரட்டி, அப்பாவுக்கு முன்னால் வைத்து, அவர் பார்த்துக்கொண்டு இருக்கத்தக்கதாக இரண்டு விரலால் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து மேலே தூவினேன். என் விரல் சிட்டிகை பதினாறு சேர்ந்தால் ஒரு தேக்கரண்டி வரும் என்று முதலே எண்ணிப் பார்த்திருந்தேன். அதாவது கிராமில் மூன்றில் ஒரு பங்கு.

அப்பா ஒரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று. "உப்புப் போட்டனியோ?" என்றார். "நீங்கள் பார்க்கத்தானே போட்டனான்" என்றேன். அன்றைக்குச் சோறும் சேர்த்து முழுக்கச் சாப்பிட்டார்.

இதனால் பிரஷர் இறங்கியது என்று எழுத மாட்டேன். குளிசை, கருவாட்டை விட்டது, பின்னேர நடை எல்லாம் இருக்கிறது. கறிக்கு உப்புக் குறைவு என்று இன்னமும் முறைப்பாடு உண்டு. ஆனால் சாப்பாட்டை விட்டு எழும்புவது நின்றது.

ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதும் இல்லை. ஆவணியில் தம்புள்ளையில் இருந்து லொறியில் வருகிற தக்காளி காயாகப் பிடுங்கினது, புளிப்புக் கூட, சாறு குறைவு. அதற்கு அரைத் தேசிக்காய் போதும். மாசியில் விசுவமடு, தருமபுரம் பக்கத்துத் தக்காளி சந்தைக்கு வரும்போது இனிப்பு இருக்கும், முழுத் தேசிக்காயும் தாங்கும். அதனால் அளவை எழுதி வைத்தாலும் ஒரு துண்டைத் தோய்த்துப் பார்க்காமல் ஊற்றுவதில்லை.

இந்த ஆவணியில் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தது. சலாட் திரும்பவும் எனக்குத்தான் தந்தார்கள். கெக்கரிக்காய்க்குப் பன்னிரண்டு மணிக்கு உப்புப் போட்டு, இரண்டு பெரிய அரிதட்டில் வடியவிட்டு, தக்காளியைப் பந்தி இருக்கிறதுக்குப் பத்து நிமிசம் முன்னம் வெட்டினேன். மாமா இந்த முறையும் கோப்பையைச் சரித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அப்பாவுக்கு மட்டும் தனிக் கோப்பை. உப்பை அவரே தூவினார், ஒரு சிட்டிகை.